கஞ்சிக் கணக்கு

கைத்தறிச் சேலையா, விசைத்தறிச் சேலையா என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில் அது மரபு, சுதேசி, நெசவாளர் வாழ்வு என்னும் பெரிய சொற்களை நோக்கி நகர்ந்துவிடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அச்சொற்களோடு எங்களுக்குப் பிணக்கில்லை. ஆனால் காலை எட்டரை மணிக்குள் சமையலை முடித்து, சேலை கட்டி, பேருந்துக்கு ஓட வேண்டிய ஒரு பெண்ணுக்கு அச்சொற்கள் பாதி விடையைத்தான் தருகின்றன. மீதிப் பாதி வாளியிலும் கொடிக்கயிற்றிலும் இஸ்திரிப் பெட்டியிலும் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

நாங்கள் அக்காள் தங்கை இருவர். திருச்சியில் ஒரே வீட்டில் வசிக்கிறோம். மூத்தவருக்கு வங்கி வேலை. நாள் முழுவதும் குளிரூட்டப்பட்ட கூடம். இளையவருக்குக் கல்லூரி அலுவலகத்தில் வேலை. தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, மேற்குப் பார்த்த சன்னல். இருவரும் வாரத்தின் ஐந்து நாளும் சேலைதான் உடுத்துகிறோம். 2022 ஜூன் மாதத்தில் ஒருவகைப் பிடிவாதத்தில் மூன்று சேலைகளுக்கு மட்டும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். ஒன்று, கூட்டுறவுக் கடையில் 1,400 ரூபாய்க்கு வாங்கிய 80ஆம் எண் பருத்திக் கைத்தறி. இரண்டாவது, கடைவீதியில் 650 ரூபாய்க்கு வாங்கிய விசைத்தறிப் பருத்தி. மூன்றாவது, 450 ரூபாய்க்குக் கிடைத்த, பாலியஸ்டர் கலந்த விசைத்தறிச் சேலை. ஒவ்வொன்றையும் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் உடுத்துவது. உடுத்தியது, துவைத்தது, தேய்த்தது, கிழிந்தது எல்லாவற்றையும் குறிப்பது. விடுமுறை, விடுப்பு எல்லாம் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 45 முறை வந்தது. மூன்றே சேலைகளை வைத்து உலகுக்கு விதி வகுக்க முடியாது. ஆயினும், எழுதிவைக்கும் வரை எங்கள் கண்ணில் படாதிருந்த சில விஷயங்களை அந்த நோட்டு காட்டிக்கொடுத்தது.

முதலில் தறிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நீளவாக்கில் ஓடும் இழை பாவு. குறுக்கே போகும் இழை ஊடை. நூலின் எண் ஏற ஏற நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள நூற்கண்டுகள் எத்தனை அடங்கும் என்பதே அந்த எண். ஆகவே 60ஆம் எண் சற்றுத் தடித்தது, 80 மெல்லியது, 100, 120 இன்னும் மெல்லியவை. ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஏறக்குறைய 6.3 மீட்டர் நீளமுள்ள ஒரு சேலையில், அங்குலத்துக்கு 68 ஊடை என்று கொண்டால், கிட்டத்தட்ட 17,000 முறை நாடா குறுக்கே ஓடியிருக்க வேண்டும். கைத்தறியில் தேர்ந்த நெசவாளர் நிமிடத்துக்கு ஐம்பது முறை ஓட்டினால் நாடா ஓடும் நேரம் மட்டுமே ஐந்தரை மணிக்கு மேலாகிறது. அறுந்த இழையை முடிவது, தீர்ந்த தாரை மாற்றுவது, நெய்த துணியைச் சுருட்டிவிடுவது எல்லாம் சேர்ந்தால் அது ஒரு முழுநாளைத் தாண்டும். சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு 140 முறை ஓட்டும். இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். அதோடு ஒரே தொழிலாளி ஒரு சமயத்தில் பல தறிகளைக் கவனித்துக்கொள்வார். 1,400க்கும் 650க்கும் இடையிலுள்ள தொலைவின் பெரும்பகுதி இந்த நேரந்தான்.

அந்த வேகத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. வேகமாக அடிக்கும் தறியில் பாவு இழை அறுந்துகொண்டே இருந்தால் வேலை நடக்காது. ஆகவே விசைத்தறிப் பாவை இறுக்கமாக இழுத்துக் கட்டுகிறார்கள். இழை தாங்குவதற்காகப் பசையும் கூடுதலாக ஏற்றுகிறார்கள். கைத்தறியில் இழுவிசை குறைவு. அரிசிக் கஞ்சியைத் தூரிகையால் பாவில் தடவி வெயிலில் உலர்த்தும் பழைய வழக்கத்துக்கு அந்த மென்மையான இழுப்பே போதுமானதாக இருந்தது. இழுபட்டுத் தட்டையாகாத இழை தன் உருண்டையை இழக்காமல் துணியில் அமர்கிறது. கைத்தறியைத் தொட்டவுடன் விரல் உணர்கின்ற அந்தப் பொதுமைக்கு இதுவே காரணம்.

இனி உடல் சுகத்துக்கு வருவோம். சேலை மற்ற உடைகளைப் போன்றதன்று. இடுப்பில் கொசுவம் செருகும் இடத்தில் துணி ஏழெட்டு அடுக்காகச் சேர்கிறது. அதற்கு உள்ளே பாவாடை நாடா இறுக்கிக்கொண்டிருக்கிறது. வியர்வையும் அரிப்பும் வேர்க்குருவும் அங்கேதான் தொடங்கும். மே மாதத்தில் கல்லூரி அலுவலகத்தில் பாலியஸ்டர் கலந்த சேலையை உடுத்திய நாள்களுக்கு நேரே நோட்டில் ‘மதியம் 2க்கு மேல் முடியவில்லை’ என்ற குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. பருத்தி வியர்வையை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். பாலியஸ்டர் உறிஞ்சுவதே மிகக் குறைவு. ஏழு அடுக்குக்கு இடையில் ஈரம் அப்படியே நிற்கும். வங்கியிலோ கதை வேறு. குளிரூட்டிய கூடத்தில் அதே கலப்புச் சேலையை எட்டு மணி நேரம் குறையின்றி உடுத்த முடிந்தது. வறண்ட குளிரில் பாவாடையோடு அது ஒட்டிக்கொள்வது ஒன்றே தொல்லை.

ஆனால் நாங்கள் எதிர்பாராத ஒன்று உண்டு. தூய பருத்தியாக இருந்த விசைத்தறிச் சேலைக்கும் கைத்தறிச் சேலைக்கும் முதல் மாதத்தில் தெரிந்த வேறுபாடு, ஆறேழு சலவைக்குப் பின் வெகுவாகக் குறைந்துவிட்டது. விசைத்தறித் துணியில் ஏறியிருந்த பசை நீரில் கரைந்து போனதும் அதுவும் உடம்போடு இழையத் தொடங்கிற்று. கைத்தறி அப்போதும் ஒரு படி மேல்தான். ஆனால் ஒரு படி மட்டுந்தான். ‘விசைத்தறி உடம்புக்கு ஆகாது’ என்று பெண்கள் சொல்லும்போது அவர்கள் உண்மையில் குறைசொல்வது தறியை அன்று, நூலை என்பது எங்கள் எண்ணம். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி நூல் எது என்பதே. வீட்டுக்கு வந்தபின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் ஊடை இழையையும் ஒரு பாவு இழையையும் தனித்தனியே உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான கருமணியாக நிற்கும். இரண்டு இழையையும் சோதிப்பது அவசியம். பாவில் ஒன்றும் ஊடையில் ஒன்றுமாகக் கலப்பது வழக்கந்தான்.

கைத்தறி என்று சொல்லி விற்கப்படுவது கைத்தறிதானா என்பது அடுத்த சிக்கல். 1985ஆம் ஆண்டின் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. சேலை வகைகளும் அதில் உண்டு. எனினும் அதே தோற்றத்தில் விசைத்தறித் துணி கடைவீதியில் கிடைக்கத்தான் செய்கிறது. 2006இல் வந்த கைத்தறி முத்திரை ஒரு சான்று. துணியிலேயே தேடுவதானால் நாங்கள் கரையைப் பார்க்கிறோம். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் கொண்ட கோர்வைச் சேலையில் உடலின் ஊடை கரைக்குள் நுழைவதில்லை. கரைக்கெனத் தனி நாடா ஓடி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிணைந்து திரும்பும். அதனால் கரையின் நிறம் கலப்பின்றித் துலங்கும்; இணைப்புக் கோட்டில் விரலை ஓட்டினால் சிறு மேடு தட்டுப்படும். சாதாரண விசைத்தறியில் உடலின் ஊடையே ஓரம் முதல் ஓரம் வரை ஓடுவதால், மாம்பழ மஞ்சள் சேலையின் அரக்குக் கரை சற்று மங்கி இரு நிறம் காட்டும். கோர்வை இல்லாத எளிய கைத்தறிச் சேலைகளிலும் இதுவே நிலை என்பதால், மங்கிய கரையைக் கண்டு விசைத்தறி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் கோர்வை இருந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. நெய்யும்போது அகலம் சுருங்காமலிருக்க இரு ஓரத்தையும் ஊசிமுனைகளால் இழுத்துப் பிடிக்கும் கம்பு ஒன்று உண்டு. அது விட்டுச்சென்ற சிறு துளைகள் கைத்தறியில் சற்று ஒழுங்கற்று, இடம் மாறி மாறித் தெரியும்.

உழைப்பு விஷயத்தில் நோட்டுப் புத்தகம் சொன்னது இது. விசைத்தறிப் பருத்திச் சேலை 92 முறை உடுத்தியபின் கிழிந்தது. நடுவில் கிழியவில்லை, கரை உடலோடு சேரும் கோட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போயிற்று. கரை இழையைக் கொளுத்திப் பார்த்தபோது உருகிற்று. பருத்தி உடல் சலவையில் சுருங்க, பாலியஸ்டர் கரை சுருங்காமல் நின்றிருக்கிறது; ஓரம் நெளிநெளியாக எழும்பியதை நாங்கள் நான்காம் மாதமே குறித்திருந்தோம். அந்த இழுபறி முழுவதையும் சேரும் கோட்டிலுள்ள இழைகளே தாங்கின. அதோடு உடலில் ஊடை நெருக்கமும் போதாது. இரண்டு கட்டைவிரலால் துணியை எதிரெதிரே இழுத்தால் இழைகள் விலகி வாய் திறந்தன. இந்த விரல் சோதனையைக் கடையிலேயே செய்துவிடலாம். வாய் திறந்த துணி விரலை எடுத்ததும் மூடிக்கொள்ளாவிட்டால் எந்தத் தறியில் நெய்ததானாலும் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

கைத்தறிச் சேலை மூன்று ஆண்டில் 135 முறை உடுத்தப்பட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. தோளில் ஊக்கு குத்தும் இடத்தில் இரண்டு முறை இழை ஓட்டித் தைத்தோம். குதிகால் உரசும் கீழ் ஓரத்தில் ஃபால்ஸை மாற்றினோம். பருத்தி ஃபால்ஸானால் அதை முன்கூட்டியே நனைத்துச் சுருக்கிவிட வேண்டும். சேலையையும் ஒருமுறை நீரில் அலசிய பின்பே தைக்க வேண்டும். இல்லையேல் ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காமல், கீழ் ஓரம் அப்பளம் போலச் சுருண்டுகொள்ளும். பாலியஸ்டர் கலந்த சேலையோ 135 முறைக்குப் பிறகும் வாங்கிய நாளின் வலுவோடு இருக்கிறது. மேலே சிறுசிறு நூல் உருண்டைகள் எழுந்து பளபளப்பு போயிற்று, கிழிசல் ஒன்றுமில்லை. உழைப்பு ஒன்றே அளவுகோல் என்றால் வென்றது அதுதான். அதை ஒளிப்பதில் பயனில்லை.

இப்போது விலை. எங்களை உண்மையில் நிமிர்ந்து உட்காரவைத்த பக்கம் இது. பருத்திச் சேலை இரண்டையும் ஒவ்வொரு முறை உடுத்தும் முன்பும் தேய்க்கக் கொடுத்தோம். தெருமுனை இஸ்திரிக்காரருக்குச் சேலைக்கு 25 ரூபாய். கைத்தறிக்கு 135 முறை தேய்த்த கூலி மட்டும் 3,375 ரூபாய். சேலையின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! விலையையும் கூலியையும் கூட்டி 135ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 35 ரூபாய் வருகிறது. விசைத்தறிப் பருத்திக்கு 650 ரூபாயோடு 92 முறைக்கான கூலி 2,300 ரூபாய். ஒரு நாளுக்கு 32 ரூபாய். கலப்புச் சேலையை மூன்று முறைக்கு ஒருமுறைதான் தேய்த்தோம். அதற்கு நாளொன்றுக்கு 12 ரூபாய்கூட ஆகவில்லை.

கடையில் 750 ரூபாய் வித்தியாசமாக நின்று நம்மைத் தயங்கவைக்கும் கைத்தறி, அலுவலக நாள் ஒன்றுக்கு விசைத்தறிப் பருத்தியைவிட மூன்று ரூபாய்தான் அதிகம் கேட்கிறது. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினால் அதுவும் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆக, செலவைப் பொறுத்தவரை கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் இடையே அகழி ஒன்றுமில்லை. அகழி இருப்பது பருத்திக்கும் செயற்கை இழைக்கும் இடையே. அதை வெட்டியது சேலையின் விலையன்று, பராமரிப்பு.

இந்த 35 ரூபாயிலும் ஒன்றைச் சேர்க்கவில்லை. கஞ்சி. 80ஆம் எண் கைத்தறி சலவைக்குப் பின் துவண்டுவிடும், கொசுவம் நிற்காது. சோற்றுக் கஞ்சியை வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் ஒரு குவளை கலந்து, சேலையை முழுவதும் ஒரே சீராக நனைக்க வேண்டும். பாதி நனைந்தால் திட்டுத்திட்டாக நிற்கும். பிழியாமல் நீரை வடியவிட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்று இழுத்து உதறி, நிழலில் உலர்த்த வேண்டும். இழுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் இருவர் இருப்பதால் முடிகிறது. நான்கு சேலைக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரம் போய்விடும். கஞ்சி போட்டதை மாதக்கணக்கில் மடித்து வைக்கவும் முடியாது. இராமபாணப் பூச்சி தேடி வரும், மடிப்புக் கோட்டில் விறைத்த இழைகள் முறியும்.

எங்கள் அம்மா பள்ளி ஆசிரியை. திருமணமான புதிதில் கஞ்சி போட்ட கைத்தறிதான் உடுத்தினாராம். பின்னர் நைலக்ஸுக்கும் பாலியஸ்டருக்கும் மாறினார். அதை ரசனைக் குறைவு என்றே நாங்கள் இளமையில் கேலி பேசியதுண்டு. நோட்டைக் காட்டியபோது அம்மா சொன்னார்: “உங்க அப்பா வேட்டிக்கும் நான்தான் கஞ்சி போட்டேன், என் சேலைக்கும் நான்தான் போட்டேன். நைலக்ஸ் வந்த அன்னிக்குத்தான் எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கிடைச்சுது.” வியர்வையைப் பற்றிக் கேட்டோம். “வேர்க்கத்தான் செஞ்சுது. தூக்கத்துக்கு வேர்வை பரவாயில்லை,” என்றார்.

அந்தப் பதிலுக்குப் பின் எங்களால் கைத்தறியை வெறுமனே புகழ முடியவில்லை. அலுவலகம் செல்லும் பெண்ணின் விறைத்த சேலைக்குப் பின்னால் யாரோ ஒருவரின் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பெரும்பாலும் அது அவளுடையதே. தறியில் அமர்ந்தவரின் நாளை நாம் விலையில் ஓரளவேனும் கணக்கிடுகிறோம். வாளியருகில் குனிந்தவரின் மணி எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. அதற்காகக் கைத்தறியைக் கைவிடவும் எங்களுக்கு மனமில்லை. அந்த ஒரு முழுநாள் உழைப்புக்கு மூன்று ரூபாய் கூடுதலாகத் தருவது எங்களால் இயலாத காரியமன்று. ஆகவே கைத்தறியை வைத்துக்கொண்டு கஞ்சியை விட்டுவிடும் வழியைத் தேடினோம்.

வழி நூலின் எண்ணிலேயே இருந்தது. மெல்லிய நூல் துவளும். தடித்த நூல் தானே நிற்கும். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி அப்படிப்பட்டது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. தடித்த நூல், அகன்ற கரை, கட்டங்களும் கோடுகளும். கட்டம் போட்ட உடலில் கசங்கலும் எளிதில் கண்ணில் படாது. எடை சற்றுக் கூடுதல். முதல் மாதம் கொசுவம் புடைத்துக்கொண்டு நிற்கும். பத்துச் சலவைக்குப் பின் கஞ்சியே இல்லாமல் மடிப்பு படிகிறது. துவைத்ததும் ஓரங்களை இழுத்துவிட்டு, நிழலில் முக்கால்வாசி உலர்த்தி, அந்த ஈரத்தோடே மடித்து மெத்தைக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் தேய்க்கவும் தேவையில்லை. அடர்ந்த நிறமானால் வாங்கியதும் ஈரக் கைக்குட்டையை முந்தானை மூலையில் அழுத்திப் பார்க்கிறோம். சாயம் ஒட்டினால் முதல் சில சலவைகளைக் குளிர்ந்த நீரில் தனியே, ஊறவைக்காமல் முடித்துவிடுகிறோம்.

இப்போதைய எங்கள் ஏற்பாடு இது. வாரத்தில் மூன்று நாள் கைத்தறி. பெரும்பாலும் 60ஆம் எண், கஞ்சி இல்லாமல். ஒரு நாள் விசைத்தறிப் பருத்தி. கரையும் பருத்தியாக, விரல் சோதனையில் வாய் திறக்காததாகப் பார்த்து வாங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நாள்களுக்கு அந்த 450 ரூபாய்ச் சேலை. நனைந்தாலும் அலுவலகம் போய்ச் சேர்ந்து சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். கஞ்சி போட வேண்டிய 80ஆம் எண் சேலைகள் ஆண்டுவிழாவுக்கும் பணிநிறைவு விழாவுக்கும் மட்டும் வெளியே வருகின்றன. அவற்றின் முனையைப் பிடித்து இழுக்க வீட்டில் இப்போது தம்பியும் கற்றுக்கொண்டிருக்கிறான். இழுப்பு இன்னும் சீராக வரவில்லை. ஒரு பக்கம் கோணுகிறது.